அர்ஜென்ட் ஆரி பிளவுஸ்: ‘வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்’ என்பவருக்கு மூன்று பதில்கள்

ஆவணி முகூர்த்த நேரம். திங்கட்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புடவைப் படமும் ஒரு டிசைன் படமும் வருகின்றன. கீழே: “பொண்ணு கல்யாணம் ஞாயிறு காலைல. வெள்ளி சாயங்காலம் மண்டபத்துக்குக் கிளம்புறோம். இந்த டிசைன் அப்படியே வேணும். எக்ஸ்ட்ரா எவ்வளவானாலும் சொல்லும்மா.” எங்கள் கடையில் இந்த வேலைக்கு வழக்கமாகச் சொல்லும் நாள் பதினைந்து. விலை 6500 ரூபாய், தையலும் சேர்த்து.

இப்படி ஒரு செய்திக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். டிசைனைக் குறைக்காமல் அர்ஜென்ட் சார்ஜ் வாங்கிச் செய்யலாம். டிசைனைக் குறைத்துச் சின்ன சார்ஜோடு முடிக்கலாம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு மாற்றிவிடலாம். நான்காவதாக ஒன்றும் உண்டு: “ட்ரை பண்றோம் அக்கா.” அதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. புதன்கிழமை வரை அந்த அம்மா வேறு கடை தேடாமல் உட்கார்ந்திருப்பார். வியாழன் இரவு முடியாது என்று சொன்னால் அவருக்குப் போக்கிடம் இருக்காது.

எந்தப் பதிலைத் தட்டச்சு செய்வதற்கும் முன்னால் காட்டைப் பார்க்க வேண்டும். காட் என்றால் துணியை இழுத்துக் கட்டும் நாலு கால் சட்டம். அந்த டிசைன் படத்தில் பின் கழுத்தில் அகலமான பார்டர், அதில் ஜர்தோசியும் குந்தன் கல்லும். கையில் ஐந்து அங்குல பார்டர், அதற்கு மேலே சின்னச் சின்னப் புட்டா. என் கணக்கில் பின் கழுத்து 12 மணி நேரம், முன் கழுத்து 5, ஒவ்வொரு கையும் 11. மொத்தம் 39 மணி நேர ஊசி வேலை.

கைகள் இரண்டையும் தனிக் காட்டில் கட்டி இரண்டு பேரிடம் கொடுத்துவிடலாம். கழுத்து வேலையை அப்படிப் பிரிக்க முடியாது. ஆரி ஊசியில் ஒவ்வொருவர் இழுக்கும் இழுப்பும் வேறு. ஒருவர் போட்ட சங்கிலித் தையல் இறுக்கமாக உட்காரும், இன்னொருவருடையது கொஞ்சம் தளர்ந்து மினுங்கும். முன் கழுத்தும் பின் கழுத்தும் தோள் மூட்டில் வந்து முட்டும் இடத்தில் அந்த வித்தியாசம் கோடு போட்டது போலத் தெரியும். கைகள் உடம்பின் இரண்டு பக்கமும் தள்ளி நிற்பதால் அங்கே யார் கண்ணுக்கும் படாது. ஆகவே கழுத்தின் 17 மணி நேரம் ஒரே ஆளின் 17 மணி நேரம்தான். இரட்டைக் கூலி கொடுத்தாலும் பத்துப் பேரை உட்கார வைத்தாலும் அது குறையாது.

அர்ஜென்ட் சார்ஜ் என்று நாம் வாங்கும் பணம் எதை வாங்கித் தரும், எதைத் தராது என்பது இதில்தான் பிரிகிறது. கைகளுக்கு ஆள் தரும், சாயங்கால நேரத்தைத் தரும். கழுத்தின் நேரத்தைத் தராது. கல் ஒட்டிய பசை காயும் நேரத்தையும் தராது. ஒரு முறை பசை முழுதாகக் காய்வதற்குள் தைக்கக் கொடுத்து, தையல் முடிந்து இஸ்திரி போட்டபோது சூட்டில் பின் கழுத்துக் கல் வரிசையாக நழுவியதைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பசைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் விடாமல் துணி தையல் மிஷினுக்குப் போவதில்லை. லைனிங் துணியை நனைத்துக் காயவைப்பதும் அப்படித்தான். அதைத் தவிர்த்தால் பிறகு லைனிங் மட்டும் சுருங்கி, மேல் பட்டு பொம்மிக்கொண்டு நிற்கும். நல்ல வேளையாக அதை முதல் நாளே நனைத்துப் போட்டுவிடலாம், தனி நேரம் கேட்காது.

சரி, முதல் பதிலுக்கு வருவோம். டிசைன் குறையாமல், வெள்ளி மாலை. செவ்வாய் காலை பத்து மணிக்குத் துணி வந்தால், அளவு குறித்து, ட்ரேசிங் எடுத்து, காட்டில் கட்ட மதியம் ஒன்றாகிவிடும். கழுத்துக்காரர் அன்று 4 மணி நேரம், புதன் சாயங்காலமும் உட்கார்ந்து 11 மணி நேரம், வியாழன் காலை மீதி 2 மணி நேரம். மதியத்துக்குள் கல் ஒட்டிக் காயவைத்தால் இரவு தைக்கத் தொடங்கலாம். வெள்ளி மதியம் போட்டுப் பார்க்கலாம், மாலை ஆறுக்குக் கொடுக்கலாம்.

இதற்குச் சார்ஜ் எவ்வளவு? பலர் “அர்ஜென்ட்னா ஐம்பது சதவீதம்” என்று ஒரே அடியாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்தப் பிளவுஸில் ஐம்பது சதவீதம் 3250 வரும், கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ஆனால் 2000 ரூபாய் பிளவுஸில் 1000 வரும். ஒருவரை ஒரு சாயங்காலம் நிறுத்தினால் முடிகிற வேலைக்கு அது அதிகம். சதவீதம் சொன்னதும் பேரமும் அதிலேயே தொடங்கிவிடும்: “முப்பதாக்கிக்கோம்மா.” குறைத்துவிட்டால் அந்த வித்தியாசத்தை ஏதோ ஒரு கை வேலைக்காரர் தலையில்தான் கட்டுவோம்.

நான் மணி நேரத்தில் கணக்குப் போடுகிறேன். எங்களிடம் ஒரு மணி நேரக் கூலி 100 ரூபாய், நேரம் கடந்தால் 200. தொழிற்சாலைகளில் ஓவர்டைமுக்குச் சட்டம் இரட்டைக் கூலி சொல்கிறது. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அந்தச் சட்டம் வராவிட்டாலும் அந்த அளவுதான் நியாயம் என்று வைத்திருக்கிறேன். கைகளுக்கு வரும் இரண்டு பேரும் வேறொரு பெண்ணின் பிளவுஸிலிருந்து எழுந்து வருகிறவர்கள். அங்கே விட்டுப்போகும் 22 மணி நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் சாயங்காலங்களிலும் ஈடுகட்ட வேண்டும். வழக்கமான கூலிக்கு மேல் மணிக்கு 100 கூடுதலாக, 2200. கழுத்துக்காரரும் தையல்காரரும் ஆளுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாக உட்காருவது 600. டிசைனுக்கு வேண்டிய ஷேடில் பாசிமணி கையிருப்பில் இல்லை, டவுனுக்குப் போய் வர 200. ஆக 3000. பிளவுஸ் 9500 ஆகிறது. இந்தப் பதிலின் பலம், கேட்டது கேட்டபடி கிடைக்கும் என்பது. பலவீனம், இடையில் அரை நாள்கூடச் சும்மா கிடையாது. துணி செவ்வாய் பத்துக்குப் பதில் மதியம் இரண்டுக்கு வந்தால் எல்லாமே தள்ளிப்போய், போட்டுப் பார்த்துச் சரிசெய்யும் நேரம்தான் முதலில் பறிபோகும்.

இரண்டாவது பதில், கழுத்தைத் தொடாமல் கையைக் குறைப்பது. புட்டாவை எடுத்துவிட்டு, ஐந்து அங்குல பார்டரை இரண்டு அங்குலமாக்கினால் ஒரு கைக்கு 4 மணி நேரம் போதும். வேலை குறைவதால் விலை 4600 ஆகிறது. இன்னொரு ஆர்டரிலிருந்து ஒரே ஒருவரை ஒரு நாள் எடுப்பதற்கு 800, மொத்தம் 5400. கழுத்துக்காரர் தன் நேரத்திலேயே வியாழன் மாலைக்குள் முடிப்பார், கல் இரவு முழுக்கக் காயும், வெள்ளி காலை தையல். பிளவுஸ் கிடைப்பது முதல் பதிலைவிட ஒரு மணி நேரம் தாமதமாக, ஏழு மணிக்கு. ஆனால் யாரும் ராத்திரி கண் விழிக்கவில்லை. மணமேடையில் பின்னால் நிற்பவர்களுக்கும் படம் எடுப்பவருக்கும் தெரிவது கழுத்து. புட்டாவோ பாதி நேரம் பூமாலையிலும் புடவைத் தலைப்பிலும் மறைந்திருக்கும். என்னிடம் கேட்டால் இந்தப் பதிலைத்தான் முதலில் வைப்பேன்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. டிசைனை மிஷினுக்கு ஏற்றபடி கோப்பாக்க அரை நாள், ஓட்ட சில மணி நேரம், மேலே கையால் தைக்கும் கொஞ்சம் பாசிமணி. தையலோடு 3600, மிஷின்காரர் வரிசையில் முன்னால் விட 500, மொத்தம் 4100. வியாழன் மாலையே தயார். ஆனால் இது வேறு பொருள். ஜர்தோசி துணிக்கு மேல் எழும்பி நிற்பது போல மிஷின் ஜரிகை நிற்காது, தட்டையாகப் படியும். உள்ளே வைக்கும் பேப்பரால் துணி சற்று விறைக்கும். மெல்லிய பட்டில் பிரித்தால் ஊசித் துளை அப்படியே தெரியும். இதைச் சொல்லாமல் “அதே டிசைன்தான்” என்று கொடுப்பது ஏமாற்று.

அன்று நான் அனுப்பிய பதில் இது:

“வணக்கம் அக்கா, கல்யாணத்துக்கு வாழ்த்துகள். படத்தில் இருப்பதுபோலவே வெள்ளி மாலை 6 மணிக்குத் தர முடியும், 9500 ஆகும். அதில் 3000 அர்ஜென்ட் சார்ஜ். மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், அவர்கள் விட்டுவரும் வேலையை ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கூலியில் முடிக்க வேண்டும், அதற்குத்தான். கழுத்து வேலை அப்படியே வைத்துக் கை பார்டரை மட்டும் சின்னதாக்கினால் 5400, வெள்ளி 7 மணி. மிஷின் எம்பிராய்டரி என்றால் 4100, வியாழன் மாலை. ஆனால் கை வேலையின் எடுப்பு அதில் வராது, மாதிரிப் படம் அனுப்பியிருக்கிறேன். வியாழனுக்குக் கை வேலை எவ்வளவு கொடுத்தாலும் முடியாது அக்கா. எதுவானாலும் துணியும் அளவு பிளவுஸும் நாளை காலை 10 மணிக்குள் வந்துவிட வேண்டும். ட்ரேசிங் போட்ட பிறகு டிசைன் மாற்ற முடியாது. சொன்ன நேரம் என்னால் தவறினால் அர்ஜென்ட் சார்ஜ் வாங்க மாட்டேன்.”

இதில் 3000-க்குக் காரணம் சொல்லியிருக்கிறேன், கணக்கு முழுவதையும் எழுதவில்லை. முன்பு வரி வரியாக எழுதி அனுப்பியபோது “டவுனுக்கு நாங்களே போய் மணி வாங்கித் தர்றோம், 200 குறைங்க” என்று வந்தது. அவர்கள் வாங்கி வந்த மணியின் ஓட்டையில் ஊசி நுழையவில்லை, அரை நாள் போயிற்று. ஆகவே ஒரே தொகை, அதற்கு ஒரு காரணம். கேட்டால் மட்டும் விவரம். கடைசி வரியையும் யோசித்தே சேர்த்தேன். சார்ஜ் என்பது நேரத்துக்கு வாங்குவது. நேரம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பணம் என்னுடையதல்ல.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. “9500-ஐ 8000 பண்ணிக்கோம்மா” என்றார். “அக்கா, அதுல குறைச்சா அந்தப் பிள்ளைங்க கூலியிலதான் குறைக்கணும். வேலையைக் குறைச்சுக்கலாமா?” என்றேன். மகளிடம் பேசிவிட்டு வந்து, “கையைச் சின்னதாவே போடு. ஆனா ஒரு கையில மட்டும் அவ பேரோட முதல் எழுத்து வைக்கணுமாம்” என்றார். அரை மணி நேர வேலை, பணம் சேர்க்கவில்லை. செவ்வாய் காலை ஒன்பதே முக்காலுக்குப் பை வந்தது. அளவு பிளவுஸின் கைக்குள் ஒரு துண்டுச் சீட்டை ஊக்கு குத்தி வைத்திருந்தார்கள்: “கை அரை இஞ்ச் லூஸ் வேணும்.”