இருப்பைப் பார்த்து வாங்குவதா, மேசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதா?

பேட்டையில் மேசை பூட்டும் சிறு பட்டறை ஒன்றை வைத்துப் பார்ப்போம். பாளையங்கோட்டை விடுதி ஒன்றுக்கு மே 30 மாலைக்குள் 40 படிப்பு மேசைகள் தர வேண்டும். ஒரு மேசைக்கு 2 டிராயர், ஒவ்வொரு டிராயரும் சறுக்கி ஓட ஒரு ஜோடி சேனல். ஆக 80 ஜோடி. அலமாரியில் இருப்பது 30. சேனல் வெளியூரிலிருந்து வந்து சேர 10 நாள்.

முதல் வழி பழகியது: இருப்பு 25 ஜோடியைத் தொட்டதும் ஆர்டர். 30 இருக்கிறதே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். மே 24 காலை டிராயர் வேலை தொடங்கியதும் இருப்பு 25 ஆகும். அன்றுதான் ஆர்டர் போகும், சரக்கு ஜூன் 3-ல் வரும். டிராயருக்கு 3 நாள், பூட்ட 4 நாள் சேர்த்தால் கடைசி மேசை ஜூன் 10-ல்தான் முடியும். இந்த முறைக்கு நேற்றைய செலவு தெரியும், வரப்போகும் ஆர்டர் தெரியாது.

இரண்டாவது வழி, எதற்குள் எது எவ்வளவு போகிறது என்ற பொருள் பட்டியலையும், ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேர ஆகும் லீட் டைமையும் வைத்துப் பின்னோக்கிப் போவது. பூட்டும் வேலை மே 27 காலை தொடங்க வேண்டுமானால் டிராயர்கள் 26 மாலைக்குள் தயாராக வேண்டும். அதற்குச் சேனல் 23-ல் கையில் இருக்க வேண்டும். ஆர்டர் மே 13-ல். எவ்வளவு? இருப்பு 30-ல் 12 ஜோடி வேறொரு ஆர்டருக்கு ஒதுக்கியது, அதைத் தொடக்கூடாது. மீதி 18 போனால் தேவை 62. பெட்டிக்கு 10 ஜோடி என்றால் 70 வாங்க வேண்டும். (கணக்கு எளிதாக இருக்க ஞாயிறையும் வேலைநாளாக வைத்திருக்கிறோம், பட்டறையில் அதைக் கழித்தே போடுங்கள்.)

இந்த முறை தவறுவது பெரும்பாலும் பட்டியலில்தான். சேனலை டிராயருக்குக் கீழே எழுதாமல் நேரே மேசைக்குக் கீழே எழுதினால், தேவை நாள் 23-க்குப் பதில் 26 என்று வரும். மூன்று நாள் காணாமல் போகும். 'ஜோடி' என்பதற்குப் பதில் 'எண்ணம்' என்று எழுதி மேசைக்கு 4 போட்டுவிட்டு, அதையே ஜோடியாக வாங்கினால் தேவை 160 ஜோடி ஆகிவிடும், பணம் அலமாரியில் முடங்கும். லீட் டைமிலும் ஒரு பொறி உண்டு. கடைக்காரர் சொல்லும் '7 நாள்' அவர் லாரி ஆபீஸில் சரக்கைப் போடும் நாள் வரைதான். நீங்கள் ஆர்டர் கொடுத்த தேதியிலிருந்து சரக்கை எண்ணி இறக்கிய தேதி வரை குறித்து வையுங்கள். கடைசி ஐந்து முறையில் மிக நீண்டதைப் போடுவதே எங்கள் பரிந்துரை.

திருகாணி, பசை, உப்புத்தாள் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். டவுனில் அன்றே கிடைக்கும். கீழே சிந்துவதும் வீணாவதும் பட்டியலுக்குள் அடங்காது. இரண்டு டப்பா வைத்து, ஒன்று காலியானதும் வாங்கினால் போதும். பின்னோக்கிய கணக்கைச் சேனலுக்கும், வெளியூரிலிருந்து வரும் பவுடர் கோட்டிங் இரும்புக் காலுக்கும் வையுங்கள். காலுக்கு லீட் டைம் 14 நாள், தேவைப்படுவது மே 26-ல். ஆகவே சேனலைவிட ஒரு நாள் முன்பே, மே 12-ல், அந்த ஆர்டர் போக வேண்டும்.