7493-ஆ, 74163-ஆ: க்ளாக் எட்ஜுக்குப் பிறகு எவ்வளவு தாமதம்?

தருமபுரியில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எட்ஜ்லயே கவுண்டர் மாறும்னு படிச்சோம். ஸ்கோப்ல கொஞ்சம் தள்ளித்தானே மாறுது?" கண் கூர்மையான பையன். ஸ்கோப்பின் டைம்பேஸை மில்லிசெகண்டில் வைத்திருந்தால் இது தெரியவே தெரியாது. அவன் 20 நானோசெகண்ட் வரை இறக்கியிருக்கிறான்.

எட்ஜ் என்பது ஃப்ளிப்-ஃப்ளாப்புக்குக் கிடைக்கும் உத்தரவு மட்டும்தான். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிலை மாறி, வெளியே வோல்டேஜ் ஏறவோ இறங்கவோ நேரம் ஆகும். எந்த கவுண்டரும் இதற்கு விலக்கல்ல. எவ்வளவு தாமதம், எல்லா பிட்டும் சேர்ந்து மாறுகிறதா என்பதில்தான் 7493, 74163 என்ற இரண்டு 4-பிட் கவுண்டர் சிப்பும் பிரிகின்றன.

74LS93 ரிப்பிள் வகை. க்ளாக் முதல் ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு மட்டும் போகிறது. அதன் அவுட்புட் விழும்போதுதான் அடுத்தது அசையும். முதல் பிட் சுமார் 12 நானோசெகண்டில் விழுகிறது. நாலாவது பிட் மாற 46 ஆகும், அதிகபட்சம் 70. 7-லிருந்து 8-க்குப் போகும் இடத்தைப் பாருங்கள்:

```
0111 -> 0110 -> 0100 -> 0000 -> 1000
```

7, 6, 4, 0, அப்புறம்தான் 8. எல்இடி போட்டுப் பார்த்தால் தெரியாது. ஆனால் '0' வந்ததும் ஒரு லாட்ச் செட் ஆகும்படி டிகோடர் போட்டிருந்தால், நடுவில் எட்டிப்பார்க்கும் அந்த 0 போதும், காரணமே புரியாமல் லாட்ச் செட் ஆகிவிடும்.

74LS163-இல் நாலு ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கும் ஒரே க்ளாக். ஏறும் பிட் 13, இறங்கும் பிட் 18 நானோசெகண்ட் வாக்கில் மாறும், அதிகபட்சம் 27. இந்தச் சின்ன வித்தியாசத்தால் இதிலும் டிகோடரில் பொய்ப் பல்ஸ் வரலாம். முழுசாக நம்பிவிடக் கூடாது.

பையன் விடவில்லை. "தாமதமே இல்லாம இருந்தா நல்லதுதானே சார்?" இல்லை. ஒவ்வொரு ஃப்ளிப்-ஃப்ளாப்பும் எட்ஜ் நேரத்தில் மற்றவற்றின் பழைய மதிப்பைப் பார்த்துத்தான் மாறலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. படித்து முடிப்பதற்குள் பக்கத்து பிட் மாறிவிட்டால் எண்ணிக்கையே தப்பாகும். எட்ஜுக்குப் பிறகும் இன்புட் மாறாமல் இருக்க வேண்டிய நேரம்தான் ஹோல்ட் டைம். அதைவிட இந்தத் தாமதம் நீளமாக இருப்பதால்தான் 163 சரியாக எண்ணுகிறது.

அப்படியானால் 7493 எதற்கு? அதிர்வெண்ணை 16-ஆல் வகுக்க. 32 மெகாஹெர்ட்ஸ் வரை அது எண்ணும். அந்த வேகத்தில் எட்ஜுகளுக்கு இடையே 31 நானோசெகண்ட்தான். நாலாவது பிட் மாறுவதற்குள் அடுத்த எட்ஜ் வந்துவிடும். நாலு பிட்டையும் சேர்த்துப் படித்தால் உளறும், ஆனால் கடைசி பிட்டில் வரும் 2 மெகாஹெர்ட்ஸ் சரியாகவே இருக்கும்.