மும்பையில் ஆப் மூலம் மைக் செட் புக் பண்ணுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்: 18,500 ரூபாய் போச்சு

சனிக்கிழமை மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் எங்கள் வீட்டுப் பெண்ணின் பாட்டுக் கச்சேரி. நூறு பேர் உட்காரும் இடம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், அவ்வளவுதான். வீட்டு வேலை முதல் விசேஷம் வரை எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் 18,500 ரூபாய் முழுதாக முன்பணம் கட்டி "சவுண்ட் எஞ்சினியருடன் பேக்கேஜ்" எடுத்தோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த ஆள் போனில் பேசிய விதத்தை நம்பினோம். ஹால் நீளம் அகலம் கேட்டார், தரை டைல்ஸா கார்ப்பெட்டா என்று கேட்டார், மிருதங்கத்துக்குத் தனி மைக் வேண்டுமா என்று கேட்டார். தொழில் தெரிந்தவர்தான் இப்படிக் கேட்பார் என்று என் மனைவியிடம் நானே சொன்னேன். நாலு மணிக்கு வந்து சவுண்ட் செக் பண்ணித் தருகிறேன் என்றார். வந்தது ஐந்தே முக்காலுக்கு. கச்சேரி ஆறு மணிக்கு!

மேடை பார்க்க நன்றாக இருக்கணும் என்று இரண்டு ஸ்பீக்கரையும் பாடுகிறவருக்குப் பின்னால், சுவர் மூலையில், தரையிலேயே வைத்தார். முழுத் தப்பும் அங்கேதான். பாட்டுக்கு வைக்கும் மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்னால் வரும் சத்தத்தை நன்றாக வாங்கும், வால் பக்கம் வருவதைப் பெரிதாக வாங்காது. ஸ்பீக்கர் பாடகருக்குப் பின்னால் இருந்தால் அதன் சத்தம் நேராக மைக்கின் வாய்க்குள்ளேயே போகும். அது பெருகி மறுபடி ஸ்பீக்கரில் வரும், மறுபடி மைக்குக்குள் போகும். அதுதான் அந்தக் கூவல். குழந்தை வர்ணத்தில் மேல் ஸ்தாயி தொட்டபோதெல்லாம் ஊய்ங் என்று கூவியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் முகம் சுருங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

கூவாத நேரத்தில் ஒரே கொழகொழப்பு. சாகித்யம் ஒரு வார்த்தை புரியவில்லை. மூலையில் தரையோடு வைத்த ஸ்பீக்கரில் அடிச்சத்தம் தானாகவே ஊதிப் பெருக்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் ஏற்கெனவே எதிரொலிக்கிற ஹால், அதன் மேல் மிக்ஸரில் எக்கோ வேறு போட்டிருந்தார். கேட்டதற்கு, "டென்ஷன் மத் லோ, ஹோ ஜாயேகா" என்று சொல்லிவிட்டு போனை நோண்டினார்.

இடைவேளையில், முன்பு கோயில் விழாக்களுக்கு மைக் செட் போட்ட ஒரு மாமா எழுந்து வந்தார். "தம்பி, பாக்ஸ் ரெண்டையும் மேடைக்கு முன்னாடி கொண்டாப்பா"ன்னார். மேடை விளிம்புக்கு முன்னால் இரண்டு ஓரத்திலும் மேசை போட்டு, உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் வருகிற மாதிரி ஏற்றி, ஜனங்களைப் பார்த்துத் திருப்பினார். எக்கோவை அணைத்தார். வாய்ப்பாட்டு சேனலில் அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் பட்டனை அமுக்கினார். சும்மா திறந்து கிடந்த அறிவிப்பாளர் மைக்கை மூடினார். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் 3 டெசிபல் முன்னதாகவே கூவ ஆரம்பிக்கும் என்றார். கடைசியாக, ஒரு முழம் தள்ளி இருந்த பாட்டு மைக்கைப் பாதி தூரத்துக்கு நகர்த்தினார். குரல் தானே ஓங்கிக் கேட்டது, வால்யூமைக் குறைக்கவே முடிந்தது. பத்து நிமிஷ வேலை. மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கொஞ்சம் குமுறியது, மற்றபடி தனி ஆவர்த்தனம் தெளிவாக வந்தது.

இனிதான் வயிறு எரிகிறது. அந்த ஆளிடம் பணம் கேட்டால் "ஹால் சரியில்லை சார்". ஆப்பின் சாட்டில் கேட்டால், ஆள் வராவிட்டால்தான் ரீஃபண்டாம். வீடியோ அனுப்பினேன். "இரண்டாம் பாதி நன்றாக இருக்கிறதே, சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று பதில்! மாமா சரிசெய்ததை இவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டு என் 18,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், புகாரையே மூடிவிட்டார்கள்.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. ஸ்பீக்கர் பாடுகிறவருக்குப் பின்னால் போகிறதென்றால் அப்போதே தடுத்துவிடுங்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் மைக்கின் வால் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். ஜனங்கள் வருவதற்கு முன் எல்லா மைக்கையும் திறந்து, கூவும்வரை மெதுவாக ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு நல்ல இடைவெளி விட்டுக் கீழேதான் நிகழ்ச்சி நடக்கணும். முழுப் பணமும் முன்னாலேயே கேட்டால் வேண்டவே வேண்டாம். நாளைக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதியப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லை எடுத்து வைத்திருங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.