ஒரு மணி நேர வகுப்பு, மூன்று நிமிட வீடியோ: சுருக்குவதா, நறுக்குவதா, திரும்ப எழுதுவதா?

சராசரி, இடைநிலை அளவு பற்றி ஒரு மணி நேர வகுப்பின் பதிவு இருக்கிறது. அதை மூன்று நிமிட ஸ்கிரிப்ட் ஆக்க மூன்று வழி உண்டு.

முதல் வழி, முழு வகுப்பையும் சுருக்குவது. பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள், இதில்தான் சிக்குகிறார்கள். வரையறை, சூத்திரம், பயன், குறை என்று எல்லாத் தலைப்பும் ஒவ்வொரு வரியாக மிஞ்சும். முதலில் பறிபோவது எடுத்துக்காட்டு. மிச்சமிருப்பது பொருளடக்கம்தான். ஏற்கெனவே படித்தவருக்கு அது நினைவூட்டலாகலாம், புதியவருக்கு எதுவும் புரியாது.

இரண்டாவது, நல்ல பகுதியை அப்படியே நறுக்குவது. வேலை குறைவு, ஆசிரியரின் இயல்பான பேச்சும் தங்கும். ஆனால் "முன்னாடி சொன்ன மாதிரி", "போர்டில் இருக்கிற அந்த எண்" போன்றவை அந்தரத்தில் தொங்கும். நறுக்கிய துண்டைப் படம் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். "அது", "இது" எதைக் குறிக்கிறது என்று இரண்டு இடத்துக்கு மேல் தடுமாறினால் துண்டு தேறாது.

மூன்றாவது, ஒரே கேள்விக்காகத் திரும்ப எழுதுவது. நேரம் பிடிக்கும், ஆனாலும் புதியவருக்கான வீடியோ என்றால் என் ஓட்டு இதற்குத்தான். இங்கே கேள்வி: ஓர் எண் மட்டும் தாறுமாறாக இருந்தால் எந்த அளவை நம்புவது? அதற்கு உதவாத சூத்திர விளக்கம், வரலாறு எல்லாம் வெளியே. எடுத்துக்காட்டு மட்டும் முழுசாக உள்ளே.

ஸ்கிரிப்ட்டை இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள்: இடப்பக்கம் குரல், வலப்பக்கம் திரை எழுத்து.

| குரல் | திரை |
|---|---|
| ஐந்து எண்கள். சராசரி 24, நடுவில் இருப்பதும் 24. | 20, 22, 24, 26, 28 |
| கடைசி எண்ணை மட்டும் 128 ஆக்குவோம். | 28 → 128 |
| கூட்டினால் 220. ஐந்தால் வகுத்தால் 44. | சராசரி: 24 → 44 |
| நடு எண் நகரவே இல்லை. | இடைநிலை அளவு: 24 |

வலப்பக்கத்தில் ஒரு முழு வாக்கியம்கூட இல்லை, கவனியுங்கள். குரல் சொல்வதையே திரையிலும் எழுதினால், பார்ப்பவர் தன் வேகத்தில் படித்து முடித்துவிட்டுக் குரலுக்காகக் காத்திருப்பார். அல்லது இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே எண்களைக் கோட்டை விடுவார். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 'மிகைமைக் கொள்கை' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். கேட்க முடியாதவருக்கும் வேற்று மொழிக்காரருக்கும் முழு வாக்கியம் தேவைதான். அதைச் சப்டைட்டிலாகத் தனியே கொடுங்கள். அது வரும் கீழ்ப்பகுதியில் வேறு எழுத்து வேண்டாம்.

அடுத்தது நேரம். 44 என்பது "வகுத்தால்" என்ற சொல்லுக்கு முன்பே திரையில் விழுந்தால் விடை கசிந்துவிடும், கணக்கைப் பின்தொடர யாருக்கும் காரணம் இருக்காது. அதனால் எந்தச் சொல்லில் எழுத்து தோன்ற வேண்டுமோ, குரல் நெடுவரிசையில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிடுங்கள். எடிட் செய்பவருக்கு அதுவே போதும்.

நீளத்தைச் சொல் எண்ணிக்கையை வைத்துக் கணிக்காதீர்கள். எண்களைச் சொல்லவும், திரை மாறும்போது நிறுத்தவும் தனி நேரம் ஆகும். ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஒரு வரியைக் குறைப்பதற்கு முன், கேள்வி இரண்டாகிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆகியிருக்கும்.