தோசைக்கல் விற்க: சுட்டுக் காட்டுவதா, சுட வைப்பதா?

பெங்களூரு அல்சூரில் இரும்பு தோசைக்கல் விற்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் கடையில் இலவசமாகத் தோசை வகுப்பும் உண்டு, அதை இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்துவிட்டேன்.

ஒன்று, நானே சுட்டுக் காட்டுவது. ஒரு அடுப்பு போதும், இருபது பேர் நிற்கலாம், அன்றைக்கே நாலைந்து கல் போய்விடும். ஆனால் நான் சுடுவது வருஷக்கணக்கில் பழகிய கல். "அண்ணா, உங்க கல்லுல மட்டும் எப்படி ஒட்டாம வருது?" என்று ஒரு அக்கா வாங்கிய கல்லைத் திருப்பிக் கொண்டுவந்தபோது எனக்கு வாயடைத்துவிட்டது.

இன்னொன்று, ஆறு பேரை மட்டும் கூப்பிட்டு, எண்ணெய் தடவி இரண்டு நாள் ஊறவிட்ட புதுக்கல்லில் அவர்களையே சுட வைப்பது. தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், ஊற்றிய மாவு கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தீயைக் குறைத்து, தெளித்தது சுர்ரென்று வற்றும் பதம் வந்ததும், எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்த்துவிட்டு ஊற்ற வேண்டும். முதல் இரண்டு தோசை பிய்யும், அதை மறைக்கக் கூடாது. அப்புறம் ஒன்று தானாக ஓரம் கிளம்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்று வாங்குவது இரண்டு பேர்தான். ஆனால் அந்தக் கல் திரும்பி வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் வருகிறார். எனக்கு இதுதான் சரி. கூட்டத்துக்குச் சுட்டுக் காட்டியே தீர வேண்டுமென்றால் அதையும் புதுக்கல்லிலேயே செய்கிறேன்.