வளவில் எடுத்த காட்சிக்கு டப்பிங் எங்கே பேசுவது?

முழுப் படத்துக்கும் டப்பிங் பேசுவதென்றால் ஒரு நிம்மதி உண்டு. எல்லாக் குரலும் ஒரே தியேட்டரில் பதிவாகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து மிக்ஸிங்கில் ஒரே அறையின் எதிரொலியை உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு காட்சியில் நாலைந்து வரிகளை மட்டும் மாற்ற வேண்டி வரும்போதுதான் சிக்கல். ஸ்பாட்டில் பதிவான குரலுக்கு அடுத்த நொடியே டப்பிங் குரல் வந்து நிற்கும். இரண்டும் ஒரே வீட்டில் கேட்கின்றனவா என்று காது உடனே எடைபோட்டுவிடும்.

செட்டிநாட்டு வீடு என்றால் இது இன்னும் கடினம். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போலத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், வரிசையாகத் தேக்குத் தூண்கள். ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டின் உள்முற்றமான வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது. மேலே போன ஒலி போனதுதான், திரும்பி வராது. அதனால் கல்யாண மண்டபத்தில் கேட்பது போன்ற நீண்ட எதிரொலி அங்கே கிடையாது. சுவரிலும் தூணிலும் பட்டு உடனே திரும்பும் குறுகிய, கூர்மையான எதிரொலிதான் இருக்கும். பேசுகிறவர் வெயிலிலிருந்து ரெண்டு அடி நகர்ந்து கூரைக்குக் கீழே வந்தாலே குரலின் நிறம் மாறிவிடும். ‘பெரிய அறை’ என்று பெயரிட்ட ஒரு ரெடிமேட் ரிவெர்பைப் போட்டு இதைச் சமாளிக்க முடியாது.

கானாடுகாத்தானில் எடுத்த ஒரு குறும்படத்தில் எனக்கு வந்த வேலையை வைத்தே சொல்கிறேன். வளவில் உட்கார்ந்து ஆச்சியும் பேரனும் பேசும் காட்சி. ஆச்சியாக நடித்தவர் அந்த ஊர்க்காரர், கேமரா முன்னால் அதற்கு முன் நின்றதில்லை. பேரனின் வரிகள் நன்றாகப் பதிவாகிவிட்டன. ஆச்சி பக்கம் மைக்கைத் திருப்பியபோது பக்கவாசல் வழியாக ஜெனரேட்டரின் முனகல் உள்ளே வந்துவிட்டது. அவருடைய நான்கு வரிகளை மாற்றியே ஆக வேண்டும். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: ஷூட்டிங் அன்றே அங்கேயே குரலை மட்டும் தனியாகப் பேசவைத்து எடுப்பது, சென்னையில் டப்பிங் தியேட்டர், இல்லையென்றால் இன்னொரு நாள் அதே வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துப் பேசவைப்பது.

முதல் வழிக்குப் பத்து நிமிடம் போதும். டேக் முடிந்ததும் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்க, அந்த வரிகளை மறுபடி சொல்லச் சொல்வது. படம் ஓடாது, கேமராவும் ஓடாது. மைக், தூரம், உட்கார்ந்திருக்கும் மணை எல்லாம் அப்படியே இருக்கும், பேசுகிறவரின் மனநிலையும் இன்னும் கலைந்திருக்காது. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. யூனிட் ஆட்கள், அவர்கள் உடுப்பு, விளக்குக்குக் கட்டிய கறுப்புத் துணி, சுருட்டி வைத்த ஜமக்காளம் எல்லாம் சேர்ந்து வளவின் எதிரொலியைக் கொஞ்சம் குடித்துவிடும். டேக்கில் கேட்பது அந்த நிறைந்த வீட்டின் ஒலி. காலி வீட்டுக்குப் பிறகு எப்போது போனாலும் அது கிடைக்காது. படம் பார்க்காமல் பேசுவதால் வேகம் மாறிப்போவதுதான் இந்த வழியின் குறை. முந்தைய டேக்கை ஒருமுறை காதில் போட்டுவிட்டு உடனே பேசச் சொன்னால் பெரும்பாலும் தாளம் ஒட்டிக்கொள்ளும். என் தீர்ப்பு: ஸ்பாட்டிலேயே பழுது தெரிந்துவிட்டால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் சிறந்தது. எங்களுக்கு அன்று முதல் வரி மட்டும் இப்படிக் கிடைத்தது. அதற்குள் வெயில் இறங்கிவிட்டதால் அடுத்த ஷாட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று.

சென்னை தியேட்டரின் பலம் அதன் அமைதி. குரல் சுத்தமாக, எதிரொலி இல்லாமல் கிடைக்கும். அப்படிப்பட்ட குரலை எடிட்டிங்கில் வெட்டலாம், நகர்த்தலாம், கொஞ்சம் நீட்டவும் செய்யலாம். அறையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்க வேண்டும். நடிகர் உட்கார்ந்த இடத்தில் ஸ்பீக்கரை வைத்து, அடித்தொனியிலிருந்து உச்சத்தொனி வரை ஏறிப்போகும் ஒரு நீண்ட ஒலியை ஓடவிட்டு, பூம் மைக் இருந்த இடத்திலிருந்து அதைப் பதிவு செய்வார்கள். அதிலிருந்து வீட்டின் எதிரொலியை மட்டும் பிரித்தெடுத்து, ஸ்டூடியோ குரலின் மேல் ஏற்றலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் அது ஒரு புள்ளியின் எதிரொலிதான். ஆச்சி பேசிக்கொண்டே முகத்தைத் திருப்பினால் நிஜ வளவில் குரல் வேறு சுவரில் போய்ப் படும். பதிவு செய்த எதிரொலிக்கு அது தெரியாது.

தியேட்டரில் அதிகம் நடக்கும் தப்பு மைக்கில். பாட்டுப் பதிவுக்கான பெரிய மைக்கை வாய்க்கு அரை அடியில் வைத்துப் பேசவைத்தால் குரல் கனத்து, வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஆகிவிடும். ஸ்பாட்டில் பயன்படுத்திய அதே வகை நீள மைக்கை ரெண்டு மூன்று அடி தள்ளி, தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். ஆச்சி தரையில் உட்கார்ந்து பேசிய வரி என்றால் இங்கேயும் தரையில்தான் உட்கார வேண்டும். நின்றுகொண்டு பேசினால் மூச்சு வேறு மாதிரி வரும். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிவிடுவதும் முக்கியம். தன் குரல் காதுக்குள்ளேயே கேட்டால் யாருமே சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். வளவில் எட்டிப் பேசிய குரலோடு அது சேராது.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். ஆளைத்தான் சரிசெய்ய முடியாது. தியேட்டர் முறையில் மூன்று பீப் கேட்கும், நாலாவது பீப் வர வேண்டிய இடத்தில் பேச வேண்டும். பழகிய டப்பிங் கலைஞருக்கு அது தண்ணிபட்ட பாடு. முதல்முறை நடித்த ஒரு பெரியவரைச் சுமார் 400 கிலோமீட்டர் அழைத்துவந்து இருட்டறையில் நிறுத்தினால், பீப்புக்குக் காத்திருக்கும் பதற்றம் வரியில் கேட்கும். குரலை மட்டும் வேறு கலைஞரை வைத்துப் பேசலாமே என்றால், மீதி வரிகளில் ஆச்சியின் சொந்தக் குரல் இருக்கிறது. இங்கே அதற்கு இடமே இல்லை.

அதனால் மீதி மூன்று வரிகளுக்கு வீட்டுக்கே திரும்பிப் போனோம். லேப்டாப், ஹெட்போன், அதே மைக். ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் அணைத்தாயிற்று. பீப் முறையை விட்டுவிட்டு, ஸ்பாட்டில் அவரே பேசிய வரியை இரண்டு மூன்று தடவை காதில் ஓட்டி, அடுத்த இடைவெளியில் அவரைச் சொல்லச் சொன்னோம். “ஆச்சி, படத்தப் பாக்க வேணாம், உங்க குரலக் கேட்டுட்டு அதே மாதிரி சொல்லுங்க” என்றதும் அவர் இயல்பாகிவிட்டார்.

அங்கே வந்த முதல் பிரச்சினை காலி வீடு. பழைய டேக்கையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது புதியதில் கணகணப்பு அதிகம். மைக்குக்குப் பின்பக்கம் கயிறு கட்டி ஜமக்காளமும் மெத்தையும் தொங்கவிட்டு, இரண்டும் சேரும்வரை கூட்டிக் குறைத்தோம். வீட்டில் பதிவு செய்வதில் ஒரு நிரந்தரக் குறையும் உண்டு: எதிரொலி குரலோடு ஒட்டியே வரும், பிறகு சுத்தமாகப் பிரிக்க வராது. வார்த்தையைப் பாதியில் வெட்டினால் அதன் வாலும் வெட்டுப்படும். நீட்டினால் வால் குழைந்து, தண்ணீருக்குள் பேசுவது போல ஆகும். அதனால் இங்கே பேசும்போதே நேரம் கிட்டத்தட்டச் சரியாக விழ வேண்டும். தியேட்டர் குரலுக்கு எடிட்டிங்கில் கிடைக்கும் சலுகை இதற்கு இல்லை.

உதட்டசைவை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இரண்டாவது வரி நல்ல உதாரணம். “போன மாசமே பினாங்கு போயிட்டான்.” ப, ம வரும் இடங்களில்தான் உதடு முழுசாக மூடும். இந்த வரியில் போ, மா, மே, பி, போ என்று ஐந்து இடங்கள். குளோசப்பில் பார்வையாளர் பிடிப்பது இந்த ஐந்தைத்தான். நடுவில் வரும் ன, ச, ங்கு, ட்டா எல்லாம் வாய்க்குள்ளேயே நடப்பதால் ஒன்றிரண்டு ஃப்ரேம் தள்ளியிருந்தாலும் தெரியாது. ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் 24-ல் ஒரு பங்கு, சுமார் 42 மில்லிசெகண்ட். ஒலி முந்தினால் சீக்கிரம் உறுத்தும், பிந்தினால் கண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரியத் தொடங்கும், பிந்தினால் 125 வரை போகலாம் என்றுதான் இருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு ஃப்ரேம் பின்னால் தள்ளுவேன், முன்னால் இழுக்க மாட்டேன். ஆச்சியின் புதிய டேக்கில் ‘மாசமே’ கொஞ்சம் இழுத்து வந்தது. ‘பினாங்கு’வுக்கு முன்னால் இருந்த சின்ன மௌனத்தைக் குறைத்ததும் ‘பி’ உதட்டில் உட்கார்ந்துவிட்டது. வார்த்தையைத் தொடவே இல்லை.

எந்த வழியில் பேசினாலும் ரூம் டோன் இல்லாமல் ஒட்டாது. பேச்சில்லாத வளவின் சத்தத்தை ஷூட்டிங் அன்றே ஒரு நிமிடம் தனியாக எடுத்திருந்தோம்: தூரத்துப் புறா, காற்று, தெருவின் லேசான இரைச்சல். அதை ஆச்சியின் புது வரிகளுக்கு அடியில் போட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒரே புறா ஒரே இடைவெளியில் குனுகிக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே புறா இல்லாத துண்டுகளாகப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும்படி இணைத்தேன். அப்படியும் பேரன் வரியிலிருந்து ஆச்சி வரிக்கு மாறும்போது பின்னணி சடாரென்று சுத்தமானது போல ஒரு பள்ளம் கேட்டது. காரணம், பேரனின் வரிகளுக்கு அடியில் ஜெனரேட்டர் மிக மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் அதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதே முனகலை ஆச்சியின் வரிகளுக்கு அடியிலும் துளி சேர்த்தேன். பள்ளம் மறைந்தது. டப்பிங் வரி காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுத்தத்தால்தான். ஹெட்போனில் சத்தத்தை உயர்த்தி, கண்ணை மூடி, வரிகளுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தை மட்டும் கேட்டால் இது பிடிபடும்.

மூன்றாவது வரி நடுத்தரத் தூரத்து ஷாட், சுலபமாகச் சேர்ந்துவிட்டது. நாலாவது வரியில் ஆச்சி திரையிலேயே இல்லை. வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாம் கட்டிலிருந்து பேரனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். உதட்டசைவுக் கவலையே இல்லாததால் தியேட்டரில் பேசிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அதையும் வீட்டிலேயே எடுத்தேன். மைக்கை வளவில் வைத்துவிட்டு, ஆச்சியை நிஜமாகவே இரண்டாம் கட்டுக்கு அனுப்பி, இடையிலிருந்த கதவைப் பாதி சாத்தி, கூப்பிடச் சொன்னேன். கதவு, நடை, இரண்டு கட்டுகளின் எதிரொலி எல்லாம் கடந்து வந்த அந்தக் குரலில் மிக்ஸிங்கில் சத்த அளவைத் தவிர எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.