‘வழக்கம்போல போடச் சொல்லு’: ஹோட்டல் சரக்கு ஆர்டரை மெசேஜாக எழுதிப் பழகிய அனுபவம்

மதுரையில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் கொள்முதல் பார்க்கிறேன். ராத்திரி கல்லாவை எண்ணிக்கொண்டே முதலாளி வாய்ஸ் மெசேஜ் போடுவார். அதைக் கடைக்காரர்களுக்கு எழுத்தில் மாற்றி அனுப்புவது என் வேலை. முன்பெல்லாம் அந்த வாய்ஸையே அப்படியே ஃபார்வர்ட் செய்வது வழக்கம். எழுதி அனுப்பும் முறைக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. இதற்கெனத் தனி ஆப் எதுவும் இல்லை, வாட்ஸ்அப் மட்டும்தான். இத்தனை நாளில் எது நிலைத்தது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாதிரி. முதலாளி சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: “ஏப்பா, நாளைக்குத் தக்காளி ரெண்டு பெட்டி, வெங்காயம் ஒரு மூட்டை, சின்னது கொஞ்சம், மல்லி புதினா வழக்கம்போல. இலை ரெண்டு கட்டு சேத்துப் போடச் சொல்லு, கல்யாண ஆர்டர் இருக்கு. சீக்கிரம் வரட்டும்.”

காதுக்கு இது தெளிவாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் ஓட்டைகள் தெரியும். ‘நாளைக்கு’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடை கட்டி மெசேஜ் போகும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டால், கடைக்காரர் அதை இரண்டு மணிக்கு மார்க்கெட்டில் நின்றுகொண்டு பார்ப்பார். அவருக்கு ‘நாளை’ என்பது அடுத்த நாள். அதனால் எந்த மெசேஜிலும் ‘நாளை’ என்று எழுதுவதில்லை. தேதியும் கிழமையும் சேர்த்தே போடுகிறோம். தேதி மாறிப்போனாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ‘ரெண்டு கட்டு சேத்து’. வழக்கமான மூன்று கட்டோடு இன்னும் இரண்டா, மொத்தமே இரண்டா? முதலாளிக்குச் சந்தேகமே கிடையாது, கேட்பவருக்குத்தான். கூட, குறைய, சேர்த்து என்ற வார்த்தை எது வந்தாலும் கடைசி மொத்தத்தை மட்டும் எழுத வேண்டும். காய்கறிக் கடைக்குப் போகும் மெசேஜ் இப்படி:

```
12-ம் தேதி, வியாழன் காலை

தக்காளி (செங்காய்) – 28 கிலோ (2 பெட்டி)
பல்லாரி – 50 கிலோ (1 மூட்டை)
சின்ன வெங்காயம் – 5 கிலோ
மல்லித்தழை – 3 கிலோ
புதினா – 1 கிலோ 500 கிராம்

இறக்கும் நேரம்: 6 மணிக்குள், பின்வாசல்
இல்லாதது / விலை ஏறியது: 4 மணிக்குள் போன்
```

இலைக் கடைக்குத் தனி மெசேஜ்: ‘நுனி இலை, 200 இலைக் கட்டு, மொத்தம் 5 கட்டு, காலை 10 மணிக்குள்.’ ஒரே மெசேஜில் எல்லாக் கடைக்கும் போட்டால், அவரவர் சரக்கைத் தேடி எடுக்கும்போது ஒன்று விட்டுப்போகும்.

அளவு விஷயத்தில் நான் கண்டது இதுதான்: பெட்டி, மூட்டை, கட்டு, டின் எல்லாம் கடைக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். எங்களுக்கு வரும் தக்காளிப் பெட்டி 14 கிலோ. பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் வரும் கடை என்றால் அதே ‘ரெண்டு பெட்டி’ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால் கிலோ முன்னால், பெட்டி அடைப்புக்குறிக்குள். பெட்டியையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்து பார்த்தோம், சரிவரவில்லை. ‘28 கிலோ’ என்று மட்டும் போட்டால் பெட்டியைப் பிரித்து எடை போட்டு, அடிப்பெட்டிச் சரக்கைக் கலந்துவிடுகிறார்கள். கட்டிய பெட்டி கட்டியபடி வருவதே நல்லது. எடைபோடும்போது காலிப்பெட்டியின் எடையைக் கழிக்க மட்டும் மறக்கக்கூடாது.

எண்ணெய் டின்னில் வேறு மாதிரிச் சிக்கல். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான். 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13 கிலோ 650 கிராம். 15 கிலோ டின் வேறு. ‘டின் எவ்வளவு?’ என்று இரண்டு கடையில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் வாங்கினால் அது லிட்டர் டின்னாக இருக்கும்! அரிசியும் அப்படித்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் பல மில்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. முதலாளி வாயில் இன்னும் ‘சிப்பம்’தான். நான் ‘26 கிலோ மூட்டை 4’ என்று எழுதுகிறேன்.

புள்ளி வைத்து எழுதுவதை அடியோடு விட்டுவிட்டோம். 1.5 கிலோ என்று போனால், கடைப் பையன் அதை அட்டையில் எழுதிக்கொள்ளும்போது புள்ளி காணாமல் போய் 15 ஆகிவிடும். புதினா 15 கிலோ வந்து இறங்கினால் யார் சாப்பிடுவது? ‘1 கிலோ 500 கிராம்’ என்பது நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க முடியாது.

நேரம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். ‘சீக்கிரம்’ என்பது மாஸ்டருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று. அதனால் நேரத்தை முதலாளியிடம் கேட்பதில்லை, அடுப்படியில் கேட்கிறேன். மல்லியும் புதினாவும் காலைச் சட்னிக்கு. ஆறு மணி தாண்டினால் வீண். சின்ன வெங்காயம் பதினொரு மணிச் சாம்பாருக்குத்தான், ஆனால் உரிக்க ஆள் உட்கார வேண்டும், அதனால் அதுவும் முதல் வண்டியில். இலை பத்து மணிக்கு வந்தால் போதும். முன்னாலேயே வந்தால் வைக்க இடமில்லாமல் வெயிலில் சுருண்டுவிடும். எல்லாவற்றுக்கும் ‘காலை 6’ என்று போட்டபோது வாசலில் வண்டிகள் நெருக்கியடித்தன, எடைபோட ஒரே ஆள். வேண்டிய நேரத்தை அப்படியே சொன்னதும் கடைக்காரர்களும் நம்ப ஆரம்பித்தார்கள்.

நீலக்குறி வந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘சரி’ என்று பதில் வர வேண்டும், இல்லையென்றால் போன். அனுப்பிய மெசேஜை எடிட் செய்வதும் கிடையாது. வாட்ஸ்அப் 15 நிமிடம் வரை எடிட் செய்ய விடுகிறது, ஆனால் அதற்குள் எழுதிக்கொண்டவருக்குப் புதிதாக மணி அடிப்பதில்லை. மாற்றம் இருந்தால் ‘திருத்தம்: பல்லாரி 50 அல்ல, 75 கிலோ’ என்று தனியாகப் போகும். வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள குயிக் ரிப்ளையில் கடைவாரியாக மாதிரியைச் சேமித்து, / போட்டு எடுத்துக்கொள்கிறேன். வசதிதான், ஒரு எச்சரிக்கையோடு: பழைய அளவு மாதிரியிலேயே இருந்தால் அதுவே போய்விடும். அளவு இடத்தைக் காலியாக விட்டுச் சேமிப்பது நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எழுத்துக்கு மாறிய புதிதில் கடைக்காரர்கள் பேசுவது குறைந்துவிட்டது. முன்பு, “அண்ணே, இன்னைக்குத் தக்காளி தண்ணிப் பழமா இருக்கு, ஒரு பெட்டியே போதும்” என்பார் காய்கறிக்காரர். மெசேஜ் போனதும், எழுதியதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை, பட்டியல் அப்படித்தான் கேட்டது. கடைசி வரியில் ‘4 மணிக்குள் போன்’ சேர்த்தது அதற்காகத்தான். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் மழைக்காலத்தில் போன் வருகிறது.

மீனுக்கு இந்த முறை சரிப்படவே இல்லை. என்ன வரும் என்பது காலையில்தான் தெரியும். ‘வஞ்சிரம் 8 கிலோ’ என்று ராத்திரியே எழுதிப் பயனில்லை. இப்போது மீன்காரருக்குப் போவது மூன்றே விஷயம்: வறுவலுக்கா குழம்புக்கா, எத்தனை துண்டு வேண்டும், கிலோவுக்கு எந்த விலை வரை போகலாம். மீதியை ஐந்து மணிக்கு அவரும் முதலாளியும் போனில் பேசிக்கொள்கிறார்கள், நான் குறுக்கே போவதில்லை.